சுவருக்குள் போன கேபிள்

அக்கா வீட்டில் போன தீபாவளிக்கு 55 இன்ச் டிவி ஒன்று வாங்கினார்கள். பிஎஸ் 5 அதற்கு முன்பே இருந்தது. பொங்கலுக்குப் போனபோது அக்கா மகன் என்னை ஹாலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தான். “மாமா, 120 ஹெர்ட்ஸ் டிவின்னு சொல்லித்தான் வாங்கினோம். கேம்ல 60-ஐத் தாண்டவே மாட்டேங்குது. கடைக்காரர் கேபிளை மாத்தச் சொல்றார். 4,000 ரூபாய் ஆகுமாம். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம் என்றேன். எந்த இடத்தில் தடை இருக்கிறது என்று தெரியாமல் கேபிளுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. அன்று மாலை அந்த ஹாலில் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதே கேள்வியோடு நிறைய வீடுகளில் புது டிவியும் கேம் கன்சோலும் எதிரெதிரே நிற்கின்றன.

முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம். டிவி ஒரு நொடியில் எத்தனை முறை படத்தைப் புதிதாக வரைகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு படமும் 16.7 மில்லி செகண்ட் திரையில் நிற்கும். 120 ஹெர்ட்ஸில் அது 8.3 மில்லி செகண்டாகக் குறையும். கேமில் கேமராவைச் சட்டென்று திருப்பும்போது பின்னணி குழம்பாமல் தெரிவதும், பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான தாமதம் குறைவதும் இதனால்தான்.

இது ஒரு 4கே படத்துக்கு எவ்வளவு சுமை என்று கணக்குப் போட்டால் கேபிள் விஷயம் தானாகப் புரியும். 4கே திரையில் 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் வரும் புள்ளிகள், அதாவது சுமார் 83 லட்சம். எச்டிஆர் தரத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 30 பிட் வேண்டும். ஆக ஒரே ஒரு படத்துக்கு ஏறக்குறைய 25 கோடி பிட். நொடிக்கு 60 படம் என்றால் 15 ஜிகாபிட், 120 படம் என்றால் 30 ஜிகாபிட். வரிகளுக்கும் படங்களுக்கும் நடுவே விடப்படும் இடைவெளி, பிழை வராமலிருக்கச் சேர்க்கும் கூடுதல் பிட்டுகள் எல்லாம் சேர்ந்து 120 ஹெர்ட்ஸ் படம் நொடிக்கு 40 ஜிகாபிட்டைத் தொடும்.

2013-ல் வந்த எச்டிஎம்ஐ 2.0-இன் உச்சம் 18 ஜிகாபிட். 2017 இறுதியில் வெளியான 2.1-இன் உச்சம் 48 ஜிகாபிட். பழைய முறையில் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் மூன்று படத்தைச் சுமந்தன, ஒன்று நேரக் கணக்கைச் சுமந்தது. புதிய முறையில் நான்குமே படத்தைச் சுமக்கின்றன, அதுவும் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு வேகத்தில். இரண்டு முனையும் பழைய கேபிளைப் போலவே இருக்கும், செருகினால் பொருந்தவும் பொருந்தும். ஆனால் உள்ளே இருக்கும் கம்பிக்கு அந்த வேகத்தைத் தாங்கும் தரம் இருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான்.

கடையில் “2.1 கேபிள்”, “8கே கேபிள்” என்றுதான் கேட்கிறோம், அட்டைப்பெட்டியிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். எச்டிஎம்ஐ தரத்தை நிர்வகிக்கும் அமைப்பின் முறையில் கேபிளுக்கு எண் கிடையாது, பெயர்தான் உண்டு. 18 ஜிகாபிட் வரை சோதித்துத் தேர்வான கேபிளுக்கு Premium High Speed என்று பெயர். 48 ஜிகாபிட் வரை சோதித்ததற்கு Ultra High Speed. வெறும் High Speed என்று மட்டும் இருந்தால் அது பழைய 10.2 ஜிகாபிட் ரகம். நமக்கு வேண்டியது Ultra என்று தொடங்கும் அந்தப் பெயர்தான். அது கேபிளின் மேலுறையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியில் கியூஆர் குறியோடு ஒரு சான்று லேபிளும் ஒட்டியிருக்கும், அதை அந்த அமைப்பின் செயலியால் ஸ்கேன் செய்தால் கேபிளின் நீளம் உட்பட விவரம் வரும். ஸ்கேன் செய்யும்போது ஒன்றும் வரவில்லை என்றால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 96 ஜிகாபிட்டுக்கான அல்ட்ரா 96 என்ற ரகமும் இப்போது அறிவிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய எந்தக் கன்சோலுக்கும் அது தேவையில்லை.

தங்க முலாம், நைலான் பின்னல் போன்றவை படத்தின் நிறத்தையோ தெளிவையோ கூட்டாது. போவது பிட்டுகள். அவை சரியாகப் போய்ச் சேர்ந்தால் 500 ரூபாய் கேபிளிலும் 5,000 ரூபாய் கேபிளிலும் ஒரே படம்தான். சேரவில்லை என்றால் படம் மங்காது. வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும், ஓரிரண்டு நொடி திரை கறுத்து மீண்டும் வரும், அல்லது சிக்னலே இல்லை என்று டிவி சொல்லும். கேபிளின் குறை வெளியே தெரிவது இந்த மூன்று வழிகளில்தான். நிறம் வெளிறித் தெரிந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. பிஎஸ் 5 வாங்கும்போது பெட்டிக்குள் வரும் கேபிளே அல்ட்ரா ஹை ஸ்பீட் ரகம்தான். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் பெட்டியிலும் அப்படியே. அதனால் மருமகனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “பெட்டியில வந்த கேபிள் எங்கடா?”

அது பிரிக்கப்படாமல் பரணில் இருந்த பெட்டியிலேயே கிடந்தது. வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன் டிவி இருக்கும் சுவருக்குள் குழாய் பதித்து, கீழே மரப்பெட்டி வரைக்கும் ஒரு நீளமான எச்டிஎம்ஐ கேபிளை இழுத்துவிட்டிருந்தார். கன்சோல் மரப்பெட்டிக்குள் இருந்தது, சுவர் கேபிளில் செருகியிருந்தது. வீடு கட்டி ஏழு வருடமாகிறது. அந்தக் கேபிள் என்ன ரகம் என்று யாருக்கும் தெரியாது.

உடனே கேபிள்மேல் பழி போடவில்லை. பிஎஸ் 5-இல் Settings, பிறகு Screen and Video, பிறகு Video Output என்று போனால் Video Output Information என்று ஒரு பக்கம் இருக்கிறது. இந்த வேலை முழுவதற்கும் எனக்குத் துணை அந்த ஒரு பக்கம்தான். அதில் இரண்டு பகுதி உண்டு. இப்போது கன்சோல் என்ன சிக்னல் அனுப்புகிறது என்பது ஒன்று. எதிரே இருக்கும் டிவி தன்னால் எதையெல்லாம் வாங்கிக்கொள்ள முடியும் என்று சொல்கிறது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பகுதியை முதலில் படிக்க வேண்டும். டிவி தன் திறமைப் பட்டியலை அனுப்புவது மெதுவான தனிக் கம்பியில், அதனால் எவ்வளவு மட்டமான கேபிளாக இருந்தாலும் பட்டியல் பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும். பட்டியலிலேயே 120 இல்லை என்றால் குறை டிவி பக்கம். பட்டியலில் 120 இருந்தும் கேமில் படம் நிற்கவில்லை என்றால்தான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

அக்கா வீட்டு டிவியின் பட்டியலில் 4கே, 60 ஹெர்ட்ஸ் என்று மட்டுமே இருந்தது. கேபிளைப் பார்க்கும் முன்பே ஒரு குறை அகப்பட்டுவிட்டது.

டிவியின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தோம். நான்கு எச்டிஎம்ஐ துளைகள். 3-க்கும் 4-க்கும் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் 4K 120Hz என்று இருந்தது. கன்சோல் போயிருந்தது 1-க்கு. நான்கில் இரண்டு துளைக்கு மட்டும் இந்த வேகம் கொடுப்பது பல டிவிகளில் உள்ள ஏற்பாடு. சிலவற்றில் ஒன்றே ஒன்றுதான், நான்கிலுமே கொடுக்கும் டிவிகளும் உண்டு. 3-ஆம் துளையில் சவுண்ட்பார் உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்தவும் முடியாது, ஏனென்றால் ஒலியைத் திருப்பி அனுப்பும் eARC வசதி அந்தத் துளையில்தான் இருக்கிறது. வேகமான துளையையும் ஒலித் துளையையும் ஒன்றாகவே வைத்திருக்கும் டிவிகளில் சவுண்ட்பார் வாங்கிய அன்றே ஒரு வேகத் துளை போய்விடுகிறது. இரண்டு கன்சோல் வைத்திருப்பவர்கள் டிவி வாங்கும் முன்பே இதைக் கவனிக்க வேண்டும். இந்த வீட்டில் கன்சோல் ஒன்றுதான். 4-க்கு மாற்றினோம்.

பட்டியலில் இன்னமும் 60 தான். மருமகன் முகம் வாடியது. இது நான் எதிர்பார்த்ததுதான். வேகத் துளையாக இருந்தாலும் டிவி அதைப் பழைய முறையிலேயே வைத்திருப்பது வழக்கம், பழைய செட்டாப் பாக்ஸ் செருகினாலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக. நாம்தான் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சோனி டிவிகளில் HDMI signal format என்று இருக்கும். அதில் Standard என்பதை மாற்றி, Enhanced என்று தொடங்கும் தேர்வுகளில் 4K120 அல்லது VRR என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாம்சங்கில் Input Signal Plus. எல்ஜியில் HDMI Deep Colour. எந்தத் துளைக்கு மாற்றுகிறோம் என்பதையும் பார்த்துச் செய்ய வேண்டும், ஒவ்வொரு துளைக்கும் தனித்தனி அமைப்பு. மாற்றியதும் டிவி ஒருமுறை கறுத்து மீண்டு வந்தது. கன்சோலின் பட்டியலைத் திறந்தோம். 120 வந்திருந்தது, VRR-உம் வந்திருந்தது.

இங்கே ஒரு இடைச்செருகல். துளையை மாற்றி, அமைப்பையும் மாற்றிய பிறகும் 120 வரவில்லை என்றால் டிவியின் பேனலே 60 ஹெர்ட்ஸ் ரகமாக இருக்கலாம். விளம்பரத்தில் “எச்டிஎம்ஐ 2.1” என்று போட்டிருப்பது 120 ஹெர்ட்ஸுக்கு உத்தரவாதமில்லை. 2.1 தரத்தில் உள்ள புது வசதிகள் எல்லாமே விருப்பத்துக்கு உட்பட்டவை, ஒன்றிரண்டை மட்டும் வைத்துவிட்டு அந்த எண்ணைப் போட்டுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. மோஷன் ரேட் 120 என்பது மென்பொருள் நடுவே படங்களை இட்டு நிரப்பும் வேலை, அதுவும் இதற்கு உதவாது. இன்னொன்றும் சந்தையில் இருக்கிறது, “120 ஹெர்ட்ஸ் டிஎல்ஜி”. 60 ஹெர்ட்ஸ் பேனலில் இரண்டிரண்டு வரிகளைச் சேர்த்து வரைந்து வேகத்தை இரட்டிப்பாக்கும் முறை அது. வேகம் உண்மைதான், ஆனால் மேலிருந்து கீழான தெளிவு பாதியாகிவிடும். விலை குறைவு என்பதால் தெரிந்தே வாங்கலாம். தெரியாமல் வாங்கினால்தான் வருத்தம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: பேனல் இயல்பாகவே 4கே தெளிவில் 120 ஹெர்ட்ஸா?

திரும்ப ஹாலுக்கு வருவோம். Video Output பக்கத்தில் Enable 120 Hz Output என்பதை Automatic-இல் வைத்தோம். VRR-ஐயும் Automatic-இல். இவை போதாது, கேம் பக்கமும் சொல்ல வேண்டும். பிஎஸ் 5-இல் Saved Data and Game/App Settings என்ற இடத்தில் Game Presets இருக்கிறது. அங்கே Performance Mode-ஐத் தேர்ந்தெடுத்தால் கேம்கள் அழகைவிட வேகத்துக்கு முன்னுரிமை கொடுக்கும். ஆனாலும் சில கேம்கள் தம் சொந்த மெனுவில்தான் 120-ஐ வைத்திருக்கின்றன. மருமகன் விளையாடும் ஃபோர்ட்நைட் அப்படித்தான். அதன் வீடியோ அமைப்பில் 120 FPS Mode என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதை இயக்க வேண்டும். பிஎஸ் 5-இன் முகப்புத் திரை 60-இல்தான் ஓடும், 120 கேம் திறந்த பிறகே டிவி மாறும். அதனால் முகப்பில் நின்றுகொண்டு 120 தெரியவில்லையே என்று தேட வேண்டியதில்லை. கேமைத் திறந்து வைத்துவிட்டு, அதை மூடாமல் கன்சோல் அமைப்புக்குப் போய் அதே தகவல் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஃபோர்ட்நைட் திறந்தது. திரை ஒருமுறை கறுத்தது, வந்தது. தகவல் பக்கத்தில் 120 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. “வந்துடுச்சு மாமா!” என்று அவன் சத்தம் போட்ட பத்தாவது நொடியில் திரை மறுபடி கறுத்தது. வந்தது. வானம் நீலமாக இருந்த இடத்தில் வெள்ளைப் பொறிகள் மின்னி மறைந்தன. மறுபடி கறுத்தது.

இப்போதுதான் கேபிளின் முறை. டிவி வாங்கிக்கொள்கிறேன் என்கிறது, கன்சோல் அனுப்புகிறது, நடுவில் பிட்டுகள் சிந்துகின்றன. சந்தேகத்தை உறுதி செய்ய பிஎஸ் 5-இலேயே ஒரு சோதனை உண்டு. 4K Video Transfer Rate என்ற அமைப்பை Automatic-இலிருந்து -1, -2 என்று இறக்கலாம். இறக்க இறக்க கன்சோல் நிற விவரத்தைக் குறைத்துக்கொண்டு குறைவான பிட்டுகளை அனுப்பும். -2-க்கு இறக்கினோம். கறுப்பது நின்றது. சுமை குறைந்ததும் நின்றால் கேபிளுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்றே பொருள். நிரந்தரமாக இப்படி வைத்துக்கொள்ளலாமே என்று அத்தான் கேட்டார். வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் சிவப்பு எழுத்தின் ஓரங்களில் நிறம் கசிந்தது போலத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய தெளிவை எதற்கு விட வேண்டும்?

பரணிலிருந்து பெட்டியை இறக்கி, கேபிளை எடுத்து, கன்சோலை டிவிக்குக் கீழே ஸ்டூலில் வைத்து நேராக 4-ஆம் துளையில் செருகினோம். Transfer Rate-ஐ Automatic-க்குத் திருப்பினோம். அரைமணி நேரம் விளையாடியும் ஒருமுறைகூடக் கறுக்கவில்லை. தகவல் பக்கத்தில் Color Format என்ற வரியில் YUV422 என்று இருப்பதைப் பார்த்துப் பையன் பதறினான், இன்னும் ஏதோ குறைகிறது என்று. குறையில்லை. பிஎஸ் 5-இன் எச்டிஎம்ஐ வெளியீடே 48 வரை போகாது, 32 ஜிகாபிட்டோடு நின்றுவிடும். 4கே, 120 ஹெர்ட்ஸ், எச்டிஆர் மூன்றும் சேர்ந்தால் நிற விவரத்தைச் சற்றுச் சுருக்கி YUV422 ஆக அனுப்புவதுதான் அதன் இயல்பு. சோபாவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 40 ஜிகாபிட் வரை அனுப்பும்.

சுவர்க் கேபிளை என்ன செய்வது? வேகம் கூடக்கூட செம்புக் கம்பியில் தூரம் குறைகிறது. 48 ஜிகாபிட் சான்றோடு வரும் சாதாரணச் செம்புக் கேபிள்கள் பெரும்பாலும் மூன்று மீட்டருக்குள்தான் இருக்கும். அதைத் தாண்ட வேண்டுமென்றால் ஆக்டிவ் ஆப்டிகல் கேபிள் வாங்க வேண்டும், உள்ளே கண்ணாடி இழையில் ஒளியாகப் போகும். அதற்குத் திசை உண்டு. Source என்று எழுதிய முனை கன்சோலுக்கும், Display என்று எழுதிய முனை டிவிக்கும் போக வேண்டும். மாற்றிச் செருகினால் படமே வராது. சுவருக்குள் பதித்த பிறகு இது தெரிந்தால் என்ன பாடுபட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பதிக்கும் முன் தரையில் நீட்டிப் போட்டு ஒரு மணி நேரம் 120 ஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். கூர்மையாக மடக்கினால் இழை உடையும். இந்த வீட்டில் அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கன்சோலை டிவிக்குக் கீழே கொண்டுவந்து பெட்டிக் கேபிளிலேயே விட்டோம். கன்ட்ரோலருக்கு ஒயர் கிடையாது, சோபாவில் இருப்பவருக்கு எந்த மாற்றமும் இல்லை. சுவர்க் கேபிளில் இப்போது செட்டாப் பாக்ஸ் ஓடுகிறது.

நடுவில் ஏவி ரிசீவரோ எச்டிஎம்ஐ ஸ்விட்சோ இருந்தால் அதுவும் 120-ஐக் கடத்தும் ரகமாக இருக்க வேண்டும். ஐயமிருந்தால் கன்சோலை நேராக டிவியில் செருகி, ஒலியை மட்டும் eARC வழியாக எடுத்துக்கொள்வதுதான் வம்பில்லாத வழி.

இனி VRR. மாறும் புதுப்பிப்பு வீதம் என்று தமிழில் சொல்லலாம். பிஎஸ் 5-க்கு இது 2022 ஏப்ரலில் வந்த அப்டேட்டில்தான் கிடைத்தது. 120-ஐவிட இதுதான் அன்றாடம் அதிகம் உதவுகிறது என்பது என் கருத்து.

வழக்கமான 60 ஹெர்ட்ஸ் டிவியை நேரம் தவறாத டவுன் பஸ்ஸாக நினைத்துக்கொள்ளுங்கள். 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு பஸ். கன்சோல் படத்தை வரைந்து முடித்து அந்த பஸ்ஸில் ஏற்ற வேண்டும். சண்டைக் காட்சியில் வேலை கூடி ஒரு படம் வரைய 18 மில்லி செகண்ட் ஆகிவிட்டால் பஸ் போய்விட்டிருக்கும். தவறியது ஒன்றரை மில்லி செகண்டுக்கும் குறைவு, ஆனால் அடுத்த பஸ் வரை, அதாவது 33.3-ஆவது மில்லி செகண்ட் வரை, காத்திருக்க வேண்டும். அதுவரை திரையில் பழைய படமே நிற்கும். அதைத்தான் நாம் தடுக்கலாக உணர்கிறோம். காத்திருக்காமல் ஓடும் பஸ்ஸில் பாதியில் ஏற்றினால் திரையின் மேல்பாதியில் ஒரு படமும் கீழ்பாதியில் வேறு படமும் தெரிந்து, குறுக்கே கிழிந்தது போல ஒரு கோடு விழும்.

VRR இயங்கும்போது பஸ் படத்துக்காக நிற்கிறது. 18 மில்லி செகண்ட் ஆனால் 18-இல் கிளம்பும், அடுத்தது 15-இல் முடிந்தால் 15-இல் கிளம்பும். இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கும் வெற்று நேரத்தைத் தேவைக்கேற்ப நீட்டிச் சுருக்குவதுதான் இதன் நுட்பம். எல்டன் ரிங் போல 60-ஐக் குறிவைத்து 45-க்கும் 60-க்கும் நடுவே ஊசலாடும் கேம்களில் இந்த வித்தியாசத்தைக் கைகளிலேயே உணரலாம்.

ஆனால் பஸ் எவ்வளவு நேரமும் நிற்காது. பிஎஸ் 5-இல் VRR-இன் எல்லை 48 முதல் 120 ஹெர்ட்ஸ். அதாவது அதிகபட்சம் 20.8 மில்லி செகண்ட்தான் காத்திருக்கும். கேமின் வேகம் 48-க்குக் கீழே விழுந்தால் பழைய தடுக்கல் திரும்பும். எல்டன் ரிங் 45-க்கு இறங்கும் தருணங்களும் இதில் சேரும். எக்ஸ்பாக்ஸில் எல்லைக்குக் கீழே போனதும் ஒரே படத்தை இரண்டு முறை காட்டி எல்லைக்குள் வைத்துக்கொள்ளும் வேலையைக் கன்சோலே பார்த்துக்கொள்கிறது. பிஎஸ் 5-இல் அதைக் கேமை எழுதியவர்கள் செய்திருந்தால்தான் உண்டு. 30-இல் பூட்டப்பட்ட கேமுக்கு VRR ஒன்றும் செய்யாது.

VRR-க்குக் கீழேயே Apply to Unsupported Games என்று ஒரு தேர்வு இருக்கிறது. VRR-க்கான அப்டேட் பெறாத பிஎஸ் 5 கேம்களிலும் அதை முயன்று பார்க்கச் சொல்வது அது. நான் இயக்கித்தான் வைத்திருக்கிறேன். ஏதாவது கேமில் படம் விசித்திரமாக நடந்துகொண்டால் முதலில் அணைக்க வேண்டியதும் அதுதான்.

120 ஹெர்ட்ஸ் டிவியால் வரும் இன்னொரு நன்மையை அன்று தற்செயலாகப் பார்த்தோம். மருமகனிடம் ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கேம் இருந்தது. 2021-இல் வந்த அந்தக் கேமில் 40 படம் ஓடும் அழகு முறை ஒன்று உண்டு. 40 என்றால் ஒரு படத்துக்கு 25 மில்லி செகண்ட். 60 ஹெர்ட்ஸ் டிவியில் 25 என்பது ஒன்றரை பஸ், பொருந்தாது. 120 ஹெர்ட்ஸ் டிவியில் 8.3 மில்லி செகண்ட் பஸ் மூன்று போனால் சரியாக 25. ஒவ்வொரு படமும் மூன்று முறை காட்டப்பட்டுச் சீராக ஓடும். 30-க்கும் 60-க்கும் நடுவே 45 அல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றும். நேரத்தைப் பாருங்கள்: 30 படத்துக்கு 33.3, 60 படத்துக்கு 16.7, இரண்டுக்கும் சரிநடு 25 மில்லி செகண்ட். எண்ணிக்கையில் பத்துதான் கூடுகிறது, காத்திருக்கும் நேரத்தில் பாதி வழி கடந்துவிடுகிறோம். 120 படம் ஓட்டவே முடியாத கனமான கேம்களுக்கும் 120 ஹெர்ட்ஸ் டிவி பயன்படுவது இப்படித்தான்.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: Settings, General, TV & display options. அங்கே Refresh rate-ஐ 120 Hz ஆக்கி, Video modes-க்குள் VRR-ஐ அனுமதிக்க வேண்டும். அதே இடத்தில் 4K TV details என்ற பக்கம் டிவி எதையெல்லாம் ஏற்கும் என்று வரிசையாகக் காட்டும். பிஎஸ் 5-இன் தகவல் பக்கத்தைப் படித்தது போலவே அதையும் படிக்கலாம்.

அமைப்புகளை மாற்றும்போது திரை மொத்தமாகக் கறுத்து வராமலே போய்விட்டால் பயப்பட வேண்டாம். பிஎஸ் 5-ஐ முழுவதுமாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்தியபடியே இருக்க வேண்டும். முதல் பீப் உடனே வரும், சுமார் ஏழு நொடி கழித்து இரண்டாவது பீப் வரும்போது விட வேண்டும். பாதுகாப்பு முறையில் திறக்கும். கன்ட்ரோலரை யூஎஸ்பி ஒயரில் இணைத்து, Change Video Output வழியாகத் தெளிவைக் குறைத்து மீண்டு வரலாம்.

இரண்டு வாரம் கழித்து அக்கா மகனிடமிருந்து போன். “மாமா, எல்லாம் நல்லா இருக்கு. ஆனா ஒரு கேம்ல குகைக்குள்ள போனா மட்டும் திரை லேசா துடிக்குது. கேபிளா?”

கேபிள் இல்லை. அவர்கள் டிவி ஓஎல்இடி. அதன் இருள் நிறங்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு அளந்து அமைக்கப்பட்டவை. VRR-இல் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும்போது அடர்சாம்பல் நிறத்தின் பிரகாசமும் கூடவே சற்று ஏறி இறங்கும். வெளிச்சமான காட்சியில் கண்ணில் படாது, இருட்டில் படும். வேகம் அதிகம் ஊசலாடும் கேமில்தான் இது பெரிதாகத் தெரியும். எல்சிடி டிவிகள் சிலவற்றில் VRR போட்டால் பகுதி பகுதியாக ஒளியைக் குறைக்கும் வசதி நின்றுபோய்க் கறுப்பு வெளுத்துத் தெரிவதும் உண்டு. அந்த ஒரு கேம் ஆடும்போது மட்டும் VRR-ஐ Off செய், 120-ஐத் தொடாதே என்றேன். அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. குகை, ஒரு தீப்பந்தம், அசையாத இருட்டு.